பழைய கம்பெனி எக்செல் கோப்பு: “நீங்க செஞ்சதுதானே” என்பது தவறு

“பினாங்கு, பிறையில் வேலை பார்த்தபோது நானே செஞ்ச விலைக் கணக்குக் கோப்பு. வேலையை விட்டாச்சு, ஷீட் பூட்டியிருக்கு. யாராவது திறந்து தர முடியுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

“உங்க உழைப்பு, உங்க கோப்பு” என்று மேலே ஓர் அண்ணன் எழுதியது சரியில்லை. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 26(2)படி, வேலையின் பகுதியாகச் செய்ததன் பதிப்புரிமை முதலாளிக்குப் போய்விடும். மாறாக ஒப்பந்தம் இருந்தால்தான் வேறு. ஷீட் பூட்டு பலமான பாதுகாப்பல்ல என்று அவர் சொன்னது உண்மைதான். ஆனால் பூட்டு லேசாக இருப்பது அனுமதி ஆகாது. சூத்திரங்களுக்கு Hidden போட்டுப் பூட்டியிருந்தால் விடை மட்டும் தெரியும், சூத்திரப் பட்டை காலியாக இருக்கும். அதாவது யாரோ வேண்டுமென்றே மறைத்திருக்கிறார்கள். உள்ளே சப்ளையர் விலையும் இருக்குமே!

தன் வீட்டுக் கணக்குக் கோப்பின் பாஸ்வேர்டை மறந்ததாக இங்கே எழுதிய அக்காவின் கதை வேறு. அது அவர் கோப்பு.

பழைய மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: கோப்பின் பெயர், எந்த ஷீட், எதற்கு வேண்டும். சம்மதித்தால் அவர்களே Review > Unprotect Sheet அழுத்தி, விலைகளை நீக்கி அனுப்பலாம். மறுத்தால், வெற்றுக் கோப்பில் புதிதாகக் கட்டுங்கள். கணக்குப் போடும் திறமை உங்களோடுதான் வந்திருக்கிறது. அப்புறம், அந்தக் கோப்பு இன்னும் உங்களிடம் எப்படி இருக்கிறது? வேலை விலகல் கடிதத்தில் திருப்பித் தருவதாகக் கையெழுத்துப் போட்டிருந்தால், கேட்பதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள். வேலையில் சேருமுன்பே செய்த மாதிரிப் படிவம் என்றால் கதை மாறலாம். அதை நீங்கள் இன்னும் சொல்லவில்லை.