"எதுவும் விற்க மாட்டோம்" என்று எழுதினால் மட்டும் போதுமா?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதிதாகச் சம்பளம் வாங்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்குப் பண விஷயம் பேசும் வகுப்பு ஒன்றை நானும் நண்பர்களும் நடத்துகிறோம். கட்டணம் கிடையாது. அறிவிப்பை எழுதி வாட்ஸ்அப் குழுக்களில் போட்டதும் இரண்டு மாதிரி பதில் வந்தது. "இவ்வளவு நீளமா இருந்தா யாருங்க படிப்பாங்க?" என்பது ஒன்று. "அதெல்லாம் சரி, கடைசியில என்ன விக்கப் போறீங்க?" என்பது இன்னொன்று.

இரண்டாவது கேள்வியைக் கேட்டது கஞ்சிக்கோட்டில் ஷிப்ட் வேலைக்குப் போகும் ஒரு தம்பி. கேட்டது நியாயம்தான். இந்தப் பக்கத்தில் "இலவச நிதி விழிப்புணர்வு" என்று பேனர் கட்டினால், முடிவில் ஒரு பாலிசியோ ஒரு ஃபண்டோ கையில் திணிக்கப்படும் என்பது எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். எங்கள் அறிவிப்பு நீளமானதற்குக் காரணமே அதுதான். "விற்பனை இல்லை" என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். அதை எப்படிச் சரிபார்ப்பது என்பதையும் எழுதினால்தான் அந்த வரிக்கு ஏதாவது மதிப்பு.

சரிபார்க்க முதல் இடம், வகுப்பு நடக்கும் இடம். ஏசி ஹால், மதியச் சாப்பாடு, வருகிறவர்களுக்கு ஒரு பை, ஒரு டைரி என்றால் அதற்கு யாரோ பணம் கட்டியிருக்கிறார்கள். கட்டியவர் அதை எங்கிருந்து திரும்ப எடுப்பார்? இரண்டாவது இடம், வாசலில் நீட்டும் ஃபார்ம். பெயர், கைபேசி எண் வரை சரி. பிறந்த தேதி, மாதச் சம்பளம், கல்யாணம் ஆயிற்றா என்றெல்லாம் கட்டம் இருந்தால் அது வருகைப் பதிவு இல்லை. பிரீமியம் கணக்குப் போட ஒரு ஏஜெண்டுக்கு என்ன தேவையோ அத்தனையும் அதில் இருக்கிறது. மூன்றாவது, நிகழ்ச்சி நிரலின் கடைசி வரி. "தனிப்பட்ட ஆலோசனை, ஒருவருக்கு 10 நிமிடம்" என்று இருந்தால் காலை முழுக்கப் பேசியது எல்லாம் அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான்.

பேசுகிறவரிடம் நேராகவே ஒரு கேள்வி கேட்கலாம்: "உங்களுக்கு யார் காசு கொடுக்கிறாங்க?" மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தருக்கு ஏ.ஆர்.என். என்று தொடங்கும் எண் இருக்கும். அவருக்குக் கமிஷன் தருவது ஃபண்ட் நிறுவனம். செபியில் பதிவு செய்த முதலீட்டு ஆலோசகரின் எண் ஐ.என்.ஏ. என்று தொடங்கும், அவர் உங்களிடம் கட்டணம் வாங்குவார், நிறுவனத்திடம் கமிஷன் வாங்கக் கூடாது. காப்பீட்டு ஏஜெண்டுக்குக் கமிஷன் நிறுவனத்திடமிருந்து. இதில் யாரும் திருடர் இல்லை. ஆனால் யார் சம்பளத்தில் யார் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு கேட்பது வேறு, தெரியாமல் கேட்பது வேறு. எங்கள் வகுப்பில் பேசும் மூன்று பேரிடமும் இந்த எண்களில் எதுவும் கிடையாது. அதனால்தான் "இந்த ஃபண்டில் போடு" என்று நாங்கள் யாருக்கும் சொல்லப் போவதும் இல்லை.

அப்படியானால் மூன்று மணி நேரம் என்னதான் பேசுவீர்கள் என்று கேட்கலாம். அதில் பாதி நேரம் ஒரே ஒரு கணக்கு. அதை இங்கேயே போட்டுக் காட்டிவிடுகிறேன். வர முடியாதவர்களுக்கும் உதவும்.

ஒரு பையனுக்கு 24 வயது, கையில் வாங்கும் சம்பளம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சம்பளக் கணக்கு தொடங்கப் போன இடத்திலோ, சொந்தக்கார மாமா மூலமோ ஒரு எண்டோமென்ட் பாலிசி வருகிறது. ஆண்டுக்கு 24,000 ரூபாய், 20 ஆண்டு கட்ட வேண்டும். இடையில் இறந்தால் வீட்டுக்கு 5 லட்சமும் சேர்ந்த போனஸும். முடிவில் 8,33,000 ரூபாய். "மாசம் ரெண்டாயிரம்தான் தம்பி. கட்டுறது 4,80,000, வர்றது எட்டு லட்சத்துக்கு மேல. கிட்டத்தட்ட டபுள்!" என்பார் மாமா. அவர் சொல்வதில் பொய்யே இல்லை. ஆனால் அந்த டபுளுக்கு எத்தனை வருஷம் ஆகிறது என்பதுதான் கணக்கே. கைபேசியில் கூகுள் ஷீட்ஸ் திறந்து ஒரு கட்டத்தில் இதை அடித்தால் போதும்:

```
=RATE(20,-24000,0,833000,1)
```

20 என்பது ஆண்டு, 24,000 கட்டும் தொகை, 8,33,000 கடைசியில் வருவது. கடைசியில் இருக்கும் 1, ஒவ்வொரு ஆண்டும் தொடக்கத்திலேயே கட்டுகிறோம் என்பதற்கு. விடை 5 சதவீதம். அதே 24,000 ரூபாயை ஆண்டுத் தொடக்கத்தில் தபால் ஆபீஸ் பி.பி.எஃப். கணக்கில் போட்டிருந்தால்? 2020 ஏப்ரலில் இருந்து அதற்கு 7.1 சதவீத வட்டி. அந்த வட்டி அப்படியே நீடித்தால் 20 ஆண்டில் சுமார் 10,65,000 ரூபாய் ஆகும். பி.பி.எஃப். 15 ஆண்டுக் கணக்குதான். பிறகு ஐந்து ஐந்து ஆண்டாக நீட்டிக்கலாம். அரசாங்கம் வட்டியை மாற்றவும் செய்யலாம், அதை மறைக்கக் கூடாது. இருந்தாலும் இரண்டுக்கும் நடுவே இரண்டு லட்சத்துக்கு மேல் வித்தியாசம் நிற்கிறது.

"பாலிசியில உயிர்க் காப்பீடும் இருக்கே?" என்பார்கள். இருக்கிறது, 5 லட்சத்துக்கு. இந்தப் பையனின் இரண்டு வருஷச் சம்பளம் அது. அவனை நம்பி அப்பா அம்மாவோ படிக்கும் தங்கையோ இருந்தால் அந்தத் தொகை எத்தனை நாளைக்கு வரும்? காப்பீடுதான் வேண்டுமென்றால் டேர்ம் பாலிசியைத் தனியாக எடுக்கலாம். முடிவில் பணம் எதுவும் திரும்பாது. ஆனால் இந்த வயதில், ஆரோக்கியம் சரியாக இருந்தால், இதைவிடப் பல மடங்கு தொகைக்கு 24,000-இல் ஒரு பகுதிதான் ஆகும். யாரும் நம்பி இல்லாதவனுக்கு அதுகூட இப்போது அவசரமில்லை. காப்பீட்டையும் சேமிப்பையும் ஒரே பொட்டலமாகக் கட்டினால் இரண்டும் குறைச்சலாகத்தான் வரும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் மேலே உள்ள கணக்கோடு வாருங்கள், பேசுவோம்.

8,33,000 என்ற எண்ணை எங்கே பார்ப்பது? பாலிசி எடுக்கும்போது நாம் கையெழுத்துப் போடும் காகிதங்களில் ஒன்று, கட்டுவதையும் வருவதையும் ஆண்டுவாரியாக அட்டவணை போட்டுக் காட்டும். அதில் 4 சதவீதம், 8 சதவீதம் என்று இரண்டு பத்தி இருக்கும். ஏஜெண்டின் விரல் பெரும்பாலும் 8 சதவீதப் பத்தியில்தான் நிற்கும். நம் பிள்ளைகள் அதைத் தங்களுக்கு வரும் வட்டி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது நிறுவனம் தன் முதலீட்டில் ஈட்டலாம் என்று கணக்குக்காக வைத்துக்கொண்ட எண். அதிலிருந்து செலவு, கமிஷன், காப்பீட்டுக்கான தொகை எல்லாம் போன பிறகுதான் நமக்கு. நான் மேலே எடுத்துக்கொண்ட 8,33,000-ஐ அந்த 8 சதவீதப் பத்தித் தொகையாகவே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் கையில் நிற்பது 5 சதவீதம்தான்.

ஏற்கெனவே எடுத்தவர்கள் என்ன செய்வது? இதுதான் அதிகம் கேட்கப்படுகிறது. பாலிசிப் பத்திரம் கைக்கு வந்து 30 நாள் ஆகவில்லை என்றால் காரணம் எழுதித் திருப்பிக் கொடுத்துவிடலாம். முத்திரைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, அத்தனை நாள் காப்பீட்டுக்கான தொகை ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்தாக வேண்டும். நாள் எண்ணுவது கையெழுத்துப் போட்ட அன்றிலிருந்து இல்லை, பத்திரம் கிடைத்த அன்றிலிருந்து. அதனால் தபால் கவரையோ வந்த மின்னஞ்சலையோ தொலைத்துவிடாதீர்கள். "ஒரு மாசம் பொறு தம்பி, பேசிக்கலாம்" என்று யாராவது சொன்னால் எந்த ஒரு மாதம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

30 நாள் தாண்டியிருந்தால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2024 அக்டோபருக்குப் பிறகு வந்த புதிய விதிப்படியான பாலிசி என்றால், ஒரு முழு ஆண்டு பிரீமியம் கட்டி அந்த ஆண்டு முடிந்த பிறகு விலகினால் ஒரு தொகை திரும்ப வரும். அதற்கு முந்தைய வகைகளில் பெரும்பாலும் இரண்டு முழு ஆண்டு கட்டியிருக்க வேண்டும். விலகாமல், மேற்கொண்டு கட்டுவதை மட்டும் நிறுத்தி, குறைந்த தொகைக்குப் பாலிசியை அப்படியே ஓட விடும் 'பெய்ட் அப்' வழியும் உண்டு. எது லாபம் என்பது எத்தனை ஆண்டு கட்டியிருக்கிறீர்கள், இன்னும் எத்தனை பாக்கி என்பதைப் பொறுத்தது. பதினைந்து ஆண்டு கட்டிவிட்ட அப்பாவின் பாலிசியை இந்தப் பதிவைப் படித்துவிட்டு நிறுத்தப் போகாதீர்கள். கடைசி ஆண்டுகளின் கணக்கு வேறு. பெரும்பாலும் கட்டி முடிப்பதே நல்லது.

குறி என்று நாம் சொல்லும் சீட்டுப் பிடிப்பது பற்றியும் அரை மணி நேரம் வைத்திருக்கிறோம். எல்லைக்கு இந்தப் பக்கம் குறி இல்லாத வீடு ஏது? குறியே வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. பதிவு செய்த குறியில் நடத்துகிறவர் 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதிகபட்சம் 7 சதவீதம் கமிஷன் எடுக்கலாம், பதிவில்லாத குறியில் ஆள் ஓடிவிட்டால் கையில் ஒரு காகிதமும் நிற்காது. பேசப்போவது இவ்வளவுதான்.

இனி அறிவிப்பு. வெட்டாமல் அப்படியே போடுகிறேன்:

"முதல் சம்பளம் வாங்கி ஐந்து வருஷத்துக்குள் இருப்பவர்களுக்கு. வரும் மாதம் இரண்டாம் ஞாயிறு, காலை 10 முதல் 1 மணி வரை. இடம்: கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள வாசகசாலை, மாடி அறை. 10 மணிக்குச் சம்பளச் சீட்டைப் படிப்பது, பி.எஃப். கணக்கை வேலை மாறும்போது என்ன செய்வது. 10.45-க்குப் பாலிசிக் கணக்கு, அவரவர் கைபேசியிலேயே. 12.15-க்குக் குறி. 12.45-க்குக் கேள்விகள், எல்லோர் முன்னிலையிலும். தனி ஆலோசனை கிடையாது. ஃபார்ம் கிடையாது, கைபேசி எண் கேட்க மாட்டோம். ஸ்பான்சர் கிடையாது, டீ எதிர்க் கடையில், அவரவர் காசில். பேச்சு தமிழில், மலையாளத்தில் கேட்டால் மலையாளத்திலும் பதில் உண்டு. சம்பளச் சீட்டும் பாலிசிப் பத்திரமும் இருந்தால் கொண்டு வரவும். பெயரும் எண்ணும் உள்ள இடத்தை மடித்து வைத்துக்கொள்ளவும்."

வேலந்தாவளம் பக்கமிருந்தும் சித்தூர் பக்கமிருந்தும் வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு என்பதை நினைவில் வைத்துக் கிளம்புங்கள். பாலிசிக் கணக்கு 10.45-க்கு முன்னால் தொடங்காது.

அப்புறம், நம் ஊரிலேயே ஏஜெண்டாக இருக்கும் அண்ணன்மார் சிலர் "நாங்களும் வரலாமா?" என்று கேட்டிருக்கிறார்கள். தாராளமாக வாருங்கள் அண்ணா. கணக்கில் தப்பு இருந்தால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள். விசிட்டிங் கார்டை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.