உயரம் குறைவது எல்லாமே வயசுக் கோளாறு இல்லைங்க

“வயசானா முதுகெலும்பு தேய்ஞ்சு உயரம் குறையத்தான் செய்யும், இதுக்கெல்லாம் டாக்டர்கிட்டப் போக வேண்டியதில்லை.”

பாதிதான் சரி. முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் நீர் வற்றி மெலியும், முதுகுத் தசை தளர்ந்து கூன் விழும். இதனால் நாற்பதுக்கு மேல் பத்து வருஷத்துக்குச் சுமார் 1 செ.மீ. மெதுவாகக் குறையும்.

ஆனால் கோபி பக்கம் இருக்கும் எங்கள் அம்மிச்சிக்கு ஒரு நாள் தண்ணிக் குடத்தைக் குனிந்து தூக்கும்போது முதுகில் சுருக்கென்றது, வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டார், வலியும் சில வாரத்தில் அடங்கிவிட்டது, அப்புறம் பார்த்தால் வழக்கம்போலக் கட்டும் சேலை தரையில் புரள்கிறது. பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரேயில் தெரிந்தது எலும்பு முறிவு: வலுவிழந்த முள்ளெலும்பின் முன்பக்கம் மட்டும் நசுங்கி ஆப்பு மாதிரி ஆகியிருந்தது. அதனால்தான் உடம்பு முன்னால் சாய்கிறது. இப்படிப்பட்ட முறிவுகளில் பெரும்பாலானவை விழாமலே, பெரிய வலியில்லாமலே நடந்துவிடும், அதுதான் ஆபத்து, ஏனென்றால் ஒன்று நசுங்கினால் அடுத்ததும் நசுங்க வாய்ப்பு அதிகம்.

இளவயது உயரத்தைவிட 4 செ.மீ.க்கு மேல் குறைந்திருந்தாலோ, சுவரில் குதிகாலை ஒட்டி நின்றால் பின்னந்தலை சுவரைத் தொடாவிட்டாலோ எக்ஸ்ரேயும் எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் கேட்டு வாங்குங்க. போன உயரம் மாத்திரையால் திரும்பாது, ஆனால் அடுத்த முறிவின் வாய்ப்பைக் குறைக்க நல்ல மருந்துகள் இருக்கின்றன.