ஃப்ரிட்ஜ் 299 வாட்ஸ் இழுக்கவில்லை

"கிளாம்ப் மீட்டரில் 1.3 ஆம்பியர், லைன் 230 வோல்ட். அப்போ என் ஃப்ரிட்ஜ் 299 வாட்ஸ்" என்று ஒருவர் இரண்டையும் பெருக்கிச் சொல்கிறார்.

அது 299 வோல்ட்-ஆம்பியர், வாட்ஸ் இல்லை. இஸ்திரிப் பெட்டி, கீசர் என்றால் இந்தப் பெருக்கல் சரி. கம்ப்ரசர் மோட்டார் காந்தப்புலத்துக்காக வாங்கும் மின்னோட்டம் வேலை செய்யாமல் லைனுக்கே திரும்பிவிடும். கிளாம்ப் அதையும் சேர்த்துத்தான் காட்டும்.

என் பழைய ஃப்ரிட்ஜிலும் இதே 1.3 ஆம்பியர்தான். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கம்ப்ரசர் ஓடும்போது ஈ.பி. மீட்டரின் சிவப்பு விளக்கை எண்ணினேன். 5 நிமிடத்தில் 48 சிமிட்டல். மீட்டரில் 3200 imp/kWh என்று இருந்தது, அதாவது ஒரு யூனிட்டுக்கு 3200 சிமிட்டல்; கணக்குப் போட்டால் 180 வாட்ஸ். வாட்ஸை வோல்ட்-ஆம்பியரால் வகுத்தால் வருவதுதான் பவர் ஃபேக்டர்; இங்கே அது 0.6.

வாட்ஸ் கண்டுபிடிக்க வோல்ட்-ஆம்பியரை 0.8ஆல் பெருக்கச் சொல்கிறார் இன்னொருவர். முழு லோடில் ஓடும் மோட்டாருக்கு அது ஏறக்குறைய பொருந்தலாம்; லோடு குறையக் குறைய பவர் ஃபேக்டரும் இறங்கிவிடும்.