விருப்பம் தெரியாத உறவுக்கு ஒரு பழைய படம்

கடந்த ஆவணி மாதம் விசுவமடுவில் ஒரு வீட்டுக் குடிபூரலுக்கு எங்களுக்கு அழைப்பு வந்தது. அழைத்தவர் என் அப்பம்மாவுடைய தமக்கையின் பேத்தி. முறைக்கு எனக்கு அக்கா. நான் வவுனியாவில் இருக்கிறேன், அவர் வாழ்க்கை முழுவதையும் பரந்தன் – முல்லைத்தீவு வீதியோரக் கிராமங்களில் கழித்தவர். இரண்டு செத்தவீடுகளில் நேரில் பார்த்துக் கதைத்ததைத் தவிர எங்களுக்குள் பழக்கம் என்று எதுவும் இல்லை. அவருக்கு என்ன பிடிக்கும், அந்த வீட்டில் எது இருக்கிறது, எது இல்லை என்பது எனக்குத் தெரியாது. இப்படியான இடத்துக்கு எங்கள் ஊரில் சுவர் மணிக்கூடு, கண்ணாடிக் குவளைத் தொகுதி, சாமிப் படம் ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் வாங்கிக்கொண்டு போவோம். என் சொந்த வீட்டுக் குடிபூரலுக்கு ஐந்து மணிக்கூடுகள் வந்தன. அவற்றில் நான்கு இன்றும் பெட்டி பிரிக்கப்படாமல் இருக்கின்றன. கொடுத்தவர்கள் அன்போடுதான் கொடுத்தார்கள். ஆனாலும் அந்தப் பொருட்களில் எங்கள் குடும்பத்துக்கென்று எதுவும் இருக்கவில்லை.

வன்னியில் ஒரு தூரத்து உறவினருக்கு என்ன கொடுப்பது என்று தெரியாதபோது, கடைக்குப் போவதற்கு முன்னர் நம் வீட்டு றங்குப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. அவருடைய விருப்பங்கள் நமக்குத் தெரியாவிட்டாலும் அவருடைய தாய் தகப்பனையும் பாட்டன் பாட்டியையும் நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும், அவர்களுடைய முகங்கள் நம் அல்பங்களில் இருக்கும். 2008, 2009 ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை போய், வட்டுவாகல் பாலத்தைக் கடந்து மெனிக் பாம் முகாமுக்கு வந்த பல குடும்பங்களிடம் 2009 க்கு முந்திய படம் ஒன்றுகூட இல்லை. தறப்பாளையும் அரிசியையும் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் அல்பத்தை எங்கோ ஒரு பதுங்குகுழியில் விட்டுவிட வேண்டியிருந்தது. அவர்களுடைய கலியாணப் படங்களும் பிள்ளைகளின் முதலாம் பிறந்தநாள் படங்களும் இன்று இருக்குமென்றால், அவை அந்த நிகழ்வுக்கு வந்துபோன தூரத்து உறவினரின் வீடுகளில்தான் இருக்கும். அதாவது, நம்மிடம்.

எங்கள் பெட்டியில் 1981 இல் என் அப்பாவின் கலியாணத்தில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைக் குழுப் படம் இருந்தது. ஆறு அங்குலத்துக்கு எட்டு அங்குலம், தடித்த அட்டையில் ஒட்டியது, பத்தொன்பது பேர். அதில் இரண்டாவது வரிசையில் இடது ஓரத்தில் நிற்பவர் அந்த அக்காவின் தாயார், என் பெரியம்மா. இடுப்பில் இரண்டு வயது மதிக்கத்தக்க ஓர் ஆண் குழந்தை. அது அக்காவின் மூத்த அண்ணன் என்று அம்மா சொன்னார். அவர் 2009 மே மாதத்திலிருந்து காணாமல் ஆக்கப்பட்டவர்.

இந்த இடத்தில் நான் நின்று யோசித்தேன், இதே வேலையைச் செய்ய நினைக்கும் எவரும் யோசிக்க வேண்டும். இரண்டு குடும்பங்களுக்கும் பொதுவான ஒரு மாமியிடம் தொலைபேசியில் கேட்டேன். பெரியம்மா இன்றும் மகனைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்றும், கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 இல் தாய்மார் தொடங்கிய போராட்டத்துக்கு ஆரம்பத்திலேயே போய் இருந்தவர் என்றும் மாமி சொன்னார். மகன் இறந்துவிட்டான் என்பதை அவர் ஏற்கவில்லை. அவரிடம் மகனின் படம் என்று இருப்பது, வேறொருவரிடம் இருந்த அடையாள அட்டை அளவுப் படத்திலிருந்து பெருப்பித்த தெளிவில்லாத ஒன்றுதான். "குழந்தையின்ர முகத்தை மட்டும் தனிய வெட்டிப் பெருசாக்கிப் போடாத பிள்ளை, அது நோட்டீஸ் படம் மாதிரி வந்திடும். தாயோட நிக்கிற மாதிரியே இருக்கட்டும்" என்றார் மாமி. முகத்தை மட்டும் வெட்டிப் பெருப்பிக்கத்தான் நான் நினைத்திருந்தேன்.

காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் படத்தைக் கொடுக்கும்போது அதற்கு மாலை பதித்த சட்டமோ, கீழே சிவப்பு மின்விளக்கோ, பின்னால் கோயில் கோபுரமோ, இரண்டு திகதிகளோ இருக்கக் கூடாது. ஸ்ரூடியோக்களில் பழைய படம் என்றாலே நினைவுப் படம் என்று எடுத்துக்கொண்டு, நாம் கேட்காமலேயே இவற்றைச் சேர்த்துவிடுவார்கள். நாம் கொடுத்த ஒரு சட்டம் அந்தத் தாயின் பதினைந்து வருடக் காத்திருப்புக்கு நம் சார்பில் ஒரு முடிவைச் சொல்லிவிடும். சீருடையோடு எடுத்த படங்களையும், பிரிந்துபோன கணவன் மனைவியின் படங்களையும், வீட்டார் விரும்புகிறார்கள் என்று இடையிலுள்ள ஒருவர் வாயால் கேட்டறியாமல் எடுத்துக்கொண்டு போகவே கூடாது. இந்த அன்பளிப்பில் திடீரென்று கொடுத்து வியப்பில் ஆழ்த்துவதற்கு இடமில்லை. நான் அக்காவுக்கும் குடிபூரலுக்கு முந்திய வாரமே சொல்லிவிட்டேன்.

இனி படியெடுக்கும் வேலை. கையிலிருக்கும் மூலப் படத்தைக் கொடுக்க வேண்டியதில்லை, நல்ல படி போதும். ஆனால் அது நல்லதாக இருக்க வேண்டும். குழுப் படத்தில் ஒரு முகம் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் அகலம்தான். பெரும்பாலான கடைகளில் வழக்கமாக வைக்கும் 300 டிபிஐ அளவில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில், ஸ்கான் செய்தால் அந்த முகத்துக்கு 118 பிக்சல்கள்தான் கிடைக்கும். அதே அளவில் அச்சிடப் போதும், பெருப்பிக்கப் போதாது. பெரியம்மாவும் குழந்தையும் நிற்கும் பகுதி ஒன்றரை அங்குல அகலம். அதை நான்கு அங்குல அகலத்துக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் ஏறத்தாழ 2.67 மடங்கு பெருப்பிக்க வேண்டும், ஆகவே குறைந்தது 800 டிபிஐ தேவை. நான் 1200 இல் எடுக்கச் சொன்னேன். அதற்கு மேல் போவதால் பயனில்லை; படத்தாளின் மணிகள்தான் பெரிதாகத் தெரியும், முகம் தெளியாது. ஸ்கானர் கிடைக்காத ஊரில் கைப்பேசியால் எடுக்கலாம்: படத்தை யன்னலோர நிழல் வெளிச்சத்தில் தட்டையாக வைத்து, பிளாஷ் இல்லாமல், கைப்பேசியைப் படத்துக்குச் சமாந்தரமாகப் பிடிக்க வேண்டும். பளபளப்புத் தெரிந்தால் படத்தைத் திருப்ப வேண்டும், கைப்பேசியைச் சரிக்கக் கூடாது. சரித்தால் முகங்கள் நீளும்.

எண்பதுகளில் வாங்கிய பசைத்தாள் அல்பங்களில் இருக்கும் வண்ணப் படங்கள் வேறு விதமான சிக்கல். அப்படியொரு படத்தின் மூலையை நகத்தால் உயர்த்திப் பார்த்தபோது மேற்படை ஒரு பயறு அளவுக்கு உரிந்து வந்தது, அத்தோடு நிறுத்திவிட்டேன். பல் இடுக்கில் பயன்படுத்தும் நூலைப் படத்துக்கும் பசைத்தாளுக்கும் இடையே வாள்போல இழுத்தால் சில படங்கள் விடுபடும். கொஞ்சமும் அசையாவிட்டால், மேலேயுள்ள பிளாஸ்ரிக் தாள் ஒட்டாமல் இருந்தால் அதை மட்டும் விலக்கிவிட்டு, அல்பப் பக்கத்தோடு அப்படியே ஸ்கான் செய்வதே நல்லது.

முதலில் நான் கொடுத்த ஸ்ரூடியோ படத்தைத் திருத்தியும் தந்தது. கீறல்கள் போயிருந்தன. கூடவே பெரியம்மாவின் நாடியிலிருந்த மச்சமும் போயிருந்தது, எல்லோருடைய தோலும் வெளுத்து வழுவழுப்பாகியிருந்தது, குழந்தையின் கண்கள் யாரோ ஒரு குழந்தையின் கண்களாக மாறியிருந்தன. ஒரு தாய்க்குத் தன் பிள்ளையின் முகத்தைப் பிழையாகக் கொடுப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மூலத்தையும் படியையும் பக்கத்தில் வைத்து மச்சம், காது, பல்வரிசை, நெற்றியில் மயிர் தொடங்கும் இடம் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்த்தால் இப்படியான மாற்றம் உடனே பிடிபடும். கீறல் இருந்தாலும் பரவாயில்லை, முகத்தில் கைவைக்க வேண்டாம் என்று சொல்லி மறுபடி அச்சிட்டேன். மினுக்கம் இல்லாத தாளில், முழுப் படம் அதே ஆறுக்கு எட்டில் ஒன்று, தாயும் குழந்தையும் நாலுக்கு ஆறில் இரண்டு. லமினேற் செய்யவில்லை, ஏனென்றால் ஒருமுறை செய்தால் பின்னர் பிரிக்க முடியாது. சட்டமும் போடவில்லை. சட்டம் போட்டுக் கொடுத்தால் சுவரில் மாட்டித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் வந்துவிடும். உறையில் வைத்துக் கொடுத்தால் மாட்டுவதா, பெட்டியில் வைப்பதா என்பதை வீட்டுக்காரர் தீர்மானிப்பார்.

பெயர்கள் இல்லாத குழுப் படம் அடுத்த தலைமுறைக்குப் பயன்படாது. இன்றைய படத்தாளின் பின்புறம் வழுக்கும், பென்சில் பிடிக்காது. குமிழ்முனைப் பேனையால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தழும்பு விழும். ஆகையால் படத்தின் மேல் ஒரு ரேசிங் தாளை வைத்து, பத்தொன்பது தலைகளின் கோட்டுருவையும் பென்சிலால் மெதுவாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டேன். கீழே, இலக்கத்துக்கு நேரே பெயரும் முறையும். அம்மாவும் மாமியும் சேர்ந்து பதினைந்து பேரைச் சொன்னார்கள். நான்கு இலக்கங்களுக்கு எதிரே வெறுமையாக விட்டேன்.

மூலத்தை நான் வைத்துக்கொண்டேன். ஸ்கான் செய்த கோப்பை அக்காவின் மகளுக்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் Document என்ற தெரிவின் வழியே அனுப்பினேன், படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும் என்பதால்.

புதிதாக அறிமுகமான ஒருவருக்கு இந்த வழி பொருந்தாது. அவருக்கும் நமக்கும் பொதுவான அல்பம் இல்லை. அங்கே நல்ல தேயிலையோ பழமோ கொண்டுபோவதே மரியாதை, வேண்டாத ஒரு பொருளை அவர் வருடக்கணக்கில் தூசி தட்டத் தேவையில்லை. அந்தக் குடிபூரலுக்கும் நான் பழக்கூடை ஒன்று கொண்டுபோனேன், எல்லோருக்கும் முன்னால் கொடுத்தது அதைத்தான்.

பால் காய்ச்சி, சாப்பாடு முடிந்து, வந்தவர்கள் போன பின்னர் பின்வளவு மாமரத்தடியில் வைத்து உறையை அக்காவிடம் கொடுத்தேன். அவர் உள்ளே போய்ப் பெரியம்மாவிடம் கொடுத்தார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு பெரியம்மா என்னைக் கூப்பிட்டு, சிறிய படத்தை மடியில் வைத்தபடி, "இந்தச் சட்டை நான் தைச்சது" என்றார். குழந்தையின் சட்டையில் கழுத்தைச் சுற்றி ஒரு கரை ஓடியிருந்தது. அத்தனை நாள் அந்தப் படத்தைப் பார்த்தும் அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அது பச்சைக் கரை என்றும், முல்லைத்தீவில் வாங்கிய நூல் என்றும் சொன்னார். அழவில்லை. மகனைப் பற்றி வேறு எதுவும் சொல்லவுமில்லை, நானும் கேட்கவில்லை.

அதன் பின் ரேசிங் தாளை வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வெறுமையாக இருந்த நான்கு இலக்கங்களையும் விரலால் தேடினார். ஏழு, மாப்பிள்ளைத் தோழனின் தாய். பன்னிரண்டும் பதின்மூன்றும், நெடுங்கேணியிலிருந்து வந்த சகோதரிகள். அவர் சொல்லச் சொல்ல நான் பென்சிலால் எழுதினேன். பதினெட்டாம் இலக்கத்தில் நெடுநேரம் நின்றார். வெள்ளை வேட்டியும் மீசையுமாக ஓர் இளைஞர். "இவர் ஆரெண்டு பிடிபடேல்லை. அடுத்த முறை வாற நேரம் நினைச்சு வைக்கிறன்" என்று சொல்லித் தாளை என்னிடமே திருப்பித் தந்தார்.