10 லட்சம் ஆப்ஷன் என்றால் 10 லட்சம் பங்கு கூடிவிடாது

"1 கோடி பங்கு இருக்கு, ஊழியருக்கு 10 லட்சம் ஆப்ஷன் கொடுத்துட்டாங்க, இபிஎஸ் 10% போச்சு."

ஒரு பங்குக்கான லாபம், அதாவது இபிஎஸ், பற்றி நீங்கள் இப்படிப் பயப்படுகிறீர்கள். அவ்வளவு போகாதுங்க. ஆப்ஷனைப் பங்காக மாற்ற ஊழியர் பணம் கட்டவேண்டும். ஒரு பங்குக்கு அவர் கட்டும் விலை 60 ரூபாய் என்று வையுங்கள், கம்பெனிக்கு 6 கோடி வருகிறது. பங்கின் ஆண்டுச் சராசரி சந்தை விலை 100 என்றால் அந்தப் பணத்தில் 6 லட்சம் பங்கைத் திரும்ப வாங்கியதாகக் கொண்டு, மிச்சம் 4 லட்சத்தை மட்டும்தான் கூட்டுவார்கள். லாபம் 10.4 கோடி என்றால் அடிப்படை இபிஎஸ் 10.40, ஆப்ஷனையும் சேர்த்த நீர்த்த இபிஎஸ் 10.00. அதாவது 4 சதவீதத்துக்கும் குறைவு. (1 ரூபாய்க்கே ஆப்ஷன் கொடுக்கும் கம்பெனிகளில் உங்கள் பயம் கிட்டத்தட்ட சரிதான்.)

இன்னொருவர், பங்காக மாற்றத்தக்க கடன்பத்திரத்துக்கும் இதே கணக்கு என்றார், அது பாதி சரி. பங்கு கூடும், ஆனால் திரும்ப வாங்கும் கணக்கு அங்கே இல்லை. பத்திரம் பங்காகிவிட்டால் மிச்சமாகும் வட்டியை வரி போக லாபத்தில் சேர்க்கவேண்டும். அப்படிச் சேர்த்து இபிஎஸ் ஏறினால் அந்தப் பத்திரத்தையே விட்டுவிடுவார்கள்.

அப்புறம், நஷ்டக் கம்பெனி வைத்திருப்பதாகச் சொன்னவருக்கு: நஷ்டத்தில் ஆப்ஷனைக் கூட்டமாட்டார்கள், அதனால் அடிப்படை, நீர்த்த இபிஎஸ் இரண்டும் ஒன்றாக இருப்பதை வைத்து ஆப்ஷனே இல்லை என்று நினைக்காதீர்கள், ஆண்டறிக்கைக் குறிப்பில் எண்ணிக்கையைப் பாருங்கள்.