ஒரு வேண்டுகோள், ஆறு டிங்
“ஹாய்.” டிங். “இருக்கீங்களா?” டிங். “அந்த ஃபைல் இருக்குல்ல.” டிங்.

எந்த ஃபைல் என்று கேட்க வாயெடுப்பதற்குள் மேலே ‘typing…’ ஓடுகிறது. சரி, முடிக்கட்டும் என்று காத்திருந்தால் அது நின்றுவிடுகிறது. முடிந்ததாக்கும் என்று மூன்றாவதை நம்பி ஃபைலை அனுப்பினேன். உடனே வருகிறது நான்காவது: “அதை அனுப்ப வேண்டாம்.” ஐந்தாவது: “மூணாம் பக்கத்துல தேதி மட்டும் மாத்தணும்.” ஆறாவதாக ஒரு கும்பிடு.

இப்போதெல்லாம் கடைசி டிங்குக்கு அப்புறம் இரண்டு நிமிடம் கழித்துத்தான் பதில் எழுதுகிறேன். நேற்று அப்படிப் பொறுத்திருந்தபோது வந்தது ஏழாவது: “பார்த்துட்டு ஏன் பதிலே இல்ல?”