பரீட்சை முடிந்த கையோடு கொடைக்கானலா?

பிளஸ் டூ கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்று சாயங்காலமே என் மகள் கேட்டாள். “அப்பா, நாங்க ஏழு பேரு கொடைக்கானல் போறோம். வேன் பேசியாச்சு. ராத்திரி ரெண்டு மணிக்குக் கிளம்பி அன்னைக்கு ராத்திரியே வந்துருவோம். ரூம் செலவே இல்ல.”

அந்த ‘ரூம் செலவே இல்ல’ என்பதில்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மதுரையிலிருந்து கொடைக்கானல் சுமார் 120 கிலோமீட்டர். ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்பினால், திரும்பி வீடு சேரும்போது பத்து, பதினொன்று ஆகிவிடும். டிரைவர் இருபது மணி நேரம் விழித்திருக்க வேண்டும். அதற்கு முந்தின ராத்திரி அவர் வேறு டிரிப் போயிருந்தால் யார் கேட்பது? கடைசியில், அசதி உச்சத்தில் இருக்கும்போது, வத்தலக்குண்டு வரைக்கும் வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதை, அதுவும் இருட்டில். நான் காலேஜ் படிக்கும்போது இதே கணக்கில் போனவன்தான். இறக்கத்தில் டிரைவருக்குக் கண் சொக்க, பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் வீடு வரைக்கும் அவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தேன். ரசித்த ஏரியும் மரமும் மறந்துவிட்டன, அந்த இறக்கம் மறக்கவில்லை.

“வண்டி யாரோடது?” என்றேன். தோழியின் சொந்தக்கார அண்ணன் வண்டியாம், வாடகை கம்மியாம். நம்பர் பிளேட்டின் படத்தை அனுப்பச் சொன்னேன். வெள்ளை போர்டு! சொந்த உபயோகத்துக்கான வண்டியை வாடகைக்கு ஓட்ட பெர்மிட் கிடையாது. ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க வழி இருக்கிறது. மஞ்சள் போர்டு வண்டி கொஞ்சம் கூடக் கேட்கும், கேட்கட்டும். பிள்ளைகள் வேன் பேசினால் முதலில் அந்த போர்டைப் பாருங்கள். 2024 மே முதல் கொடைக்கானல் போகும் வண்டிக்கு இ-பாஸ் வேறு வேண்டும், அதையும் யாரும் எடுத்திருக்கவில்லை.

சரி, அருவி? ஏப்ரலில் குட்லாடம்பட்டியில் பாறையைத்தான் பார்க்க வேண்டும். குற்றாலம் சீசன் ஜூனில்தான். தடுப்பணை, கிணறு, வாய்க்கால் பக்கம் போகிற பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். லீவு விட்டதும் பேப்பரில் வரும் செய்திகளைப் படிக்கிற எவரும் அதைத்தான் சொல்வார்கள்.

கடைசியில் ராமேஸ்வரம் முடிவானது, காலைப் பாசஞ்சர் ரயிலில். ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். நான்கு நாள் நன்றாகத் தூங்கிவிட்டு அப்புறம் போங்கள். மாசக்கணக்கில் நாலரை மணிக்கு எழுந்த பிள்ளைகள் மறுநாளே கிளம்பினால், போகிற இடமெல்லாம் சோர்ந்துதான் உட்கார்ந்திருக்கும்.

ரயிலில் டிரைவர் தூக்கத்தைப் பற்றிய கவலை இல்லை, எழுந்து நடக்கலாம், பாத்ரூம் இருக்கிறது. நான்கு மணி நேரப் பயணத்தின் கடைசியில் பாம்பன் வரும். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம், பக்கத்திலேயே 1914-இல் திறந்த பழைய பாலம். மகள் அனுப்பிய வீடியோவில் கடல் பாதி, “தள்ளுடீ, தள்ளுடீ” என்ற கூச்சல் பாதி.

வெயில் உச்சத்தில் இருக்கும்போது ஊருக்குள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, இரண்டு மணிக்கு மேல் பஸ்ஸில் தனுஷ்கோடி போனார்கள். 1964 புயலில் அழிந்த ஊரின் சர்ச் சுவர் இன்னும் நிற்கிறது. அரிச்சல்முனையில் இரண்டு பக்கமும் கடல். அங்கே இறங்கிக் குளிக்கக் கூடாது. மேலே அமைதியாகத் தெரிந்தாலும் நீரோட்டம் இழுத்துவிடும், மணலும் திடீரென ஆழமாகும். கால் நனைக்கவே வேண்டும் என்றால் அக்னி தீர்த்தத்தில், அலை அதிகம் இல்லாத இடத்தில், முழங்கால் அளவோடு. சாயங்கால ரயிலைத் தவற விடாமல் இருக்க, முனையிலிருந்து நான்கு மணிக்கே திரும்பச் சொல்லியிருந்தேன். ரயில் நேரம் மாறிக்கொண்டே இருக்கும், முந்தின நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவு? போக வர ரயிலுக்கு ஆளுக்கு 100 ரூபாய் கூட ஆகவில்லை. பஸ், சாப்பாடு, இளநீர், சங்கு வளையல் எல்லாம் சேர்த்து 480. மீன் சாப்பாடுதான் கனவாகப் போய்விட்டது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், கிடைத்த மீனும் யானை விலை. இதை நான் முன்னாலேயே சொல்லியிருக்கலாம், மறந்துவிட்டேன். அதற்கு ஏழு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கொடைக்கானல் இன்னும் பாக்கி இருக்கிறது. ஆரப்பாளையத்திலிருந்து அரசு பஸ்ஸில் பகலில் ஏறி, ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் பகலிலேயே இறங்குவதாக இருந்தால் போகலாம் என்றேன். பஸ்ஸுக்கு இ-பாஸும் வேண்டாம். “அப்ப ரூமுக்குக் காசு?” என்கிறாள். பேச்சுவார்த்தை நடக்கிறது.